வாகனில் இன்சூரன்ஸ் இருப்பதாகக் காட்டுகிறது, ஆனாலும் சந்தேகம்: குட்டி யானைக்கு ரோட்டோர ஏஜெண்ட் கொடுத்த பாலிசி

செந்தில்_தாராபுரம்

அனைவருக்கும் வணக்கம். அப்பா ஒரு டாடா ஏஸ் வைத்து காய்கறி லோடு அடிக்கிறார். போன மாதம் எஃப்.சி.க்குப் போனபோது இன்சூரன்ஸ் முடிய நாலு நாள்தான் இருந்தது. ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எதிரே குடை போட்டு, லேப்டாப்பும் பிரிண்டரும் வைத்து உட்கார்ந்திருந்த ஒருவரிடம் தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். 9,800 ரூபாய். அப்பாவின் போனிலிருந்து ஜிபே செய்திருக்கிறார்கள், ஒரு தனி ஆளின் பெயருக்குத்தான் பணம் போயிருக்கிறது. கையில் இருப்பது கலர் பிரிண்ட் மட்டும். பிடிஎஃப் கேட்டால் "வாட்ஸ்அப்ல அனுப்புறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு இப்படிப் போலி மாட்டியதாகக் கேள்விப்பட்டதும் பயம் வந்துவிட்டது. நேற்று வாகன் தளத்தில் பார்த்தேன். கம்பெனி பெயர் சரியாக இருக்கிறது. Insurance Upto என்ற இடத்தில் அடுத்த வருடத் தேதி, பேப்பரில் உள்ள அதே தேதி. எஃப்.சி.யும் கிடைத்துவிட்டது. அப்படியென்றால் நிம்மதியாக இருக்கலாமா? வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

கார்த்தி.டெக்

வாகனில் வந்துவிட்டதென்றால் ஒரிஜினல்தான் நண்பரே. அந்த விவரத்தை ஏஜெண்ட் ஏற்ற முடியாது, இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வரிலிருந்துதான் போகும். போலி என்றால் பழைய பாலிசியின் தேதிதான் தெரியும், இல்லையென்றால் காலாவதி என்று காட்டும்.

மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன். vahan.parivahan.gov.in போய் Know Your Vehicle Details எடுங்கள், மொபைல் எண்ணுக்கு ஓடிபி வரும், வண்டி எண்ணைப் போட்டால் போதும். mParivahan ஆப்பிலும் பார்க்கலாம். உரிமையாளர் பெயரில் பாதி எழுத்து நட்சத்திரமாக இருக்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ரெண்டு நிமிஷ வேலை.

முருகேசன்_67

எனக்கும் இதே சந்தேகம்தான். 2004ல் மகள் பெயரில் ஒரு பாலிசி எடுத்தேன். ஏஜெண்ட் இறந்துவிட்டார், நடுவில் மூணு வருடம் பிரீமியம் கட்டவில்லை. அதன் நிலவரத்தையும் இந்த வாகன் தளத்தில் பார்க்க முடியுமா?

கார்த்தி.டெக்

ஐயா, இது வண்டி இன்சூரன்ஸ். நீங்கள் சொல்வது ஆயுள் காப்பீடு போலத் தெரிகிறது. பாலிசி எண்ணோடு அந்தக் கம்பெனியின் கிளைக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

மல்லிகா_மதுரை

செந்தில் தம்பி, நிம்மதியாக இருக்காதீர்கள். நான் ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தில் மோட்டார் பிரிவில் 27 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பாலிசி போடும் மேசையிலும் இருந்திருக்கிறேன், கிளைம் மேசையிலும் இருந்திருக்கிறேன். நீங்கள் எழுதியதில் 9,800 என்ற தொகையைப் படித்ததுமே நெஞ்சு பக்கென்றது.

தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை எந்தக் கம்பெனியும் தானாக வைப்பதில்லை, அரசு வைக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த பட்டியலில், வாடகைக்கு ஓடும் நாலு சக்கர சரக்கு வண்டிக்கு, மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால், 16,049 ரூபாய். வரி தனி. பட்டியல் மாறினால் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே நாளில் மாறும். அரசுக் கம்பெனியாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும் இந்தத் தொகையில் தள்ளுபடி கொடுக்க வழியே கிடையாது. மின்சார வண்டிக்கு 15 சதவீதம் குறைவு என்பது போன்ற சில சலுகைகளும் அந்தப் பட்டியலிலேயே எழுதியிருப்பவைதான். உங்கள் வண்டி வாடகைக்கு ஓடும் டீசல் ஏஸ் என்றால் 9,800க்கு ஒரிஜினல் பாலிசி வராது.

நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்தையும் சேர்த்துப் போடுகிற பாலிசி என்றால் கதை வேறு. அதில் சேதத்துக்கான பகுதியில் கம்பெனிக்குக் கம்பெனி பெரிய தள்ளுபடி உண்டு, மொத்தத் தொகையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அங்கேயும் தேர்ட் பார்ட்டி என்று தனியாக ஒரு வரி இருக்கும். அந்த வரி மட்டும் பட்டியல் தொகையோடு ஒத்துப்போக வேண்டும்.

பேப்பரில் பிரீமியம் பகுதியில் என்னென்ன வரிகள் இருக்கின்றன என்று அப்படியே எழுதுங்கள். வண்டி எண், பாலிசி எண் எதையும் இங்கே போடாதீர்கள்.

செந்தில்_தாராபுரம்

மேடம், படித்ததும் கை நடுங்குகிறது. பேப்பரில் இருப்பது இது: பேசிக் தேர்ட் பார்ட்டி 8,305. சிஜிஎஸ்டி 747. எஸ்ஜிஎஸ்டி 747. மொத்தம் 9,800 என்று ரவுண்டு பண்ணியிருக்கிறார்கள். வாகன வகை என்ற இடத்தில் சரக்கு வண்டி என்றுதான் இருக்கிறது. என்ஜின் எண், சேசிஸ் எண் இரண்டையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டேன், சரியாக இருக்கின்றன.

ஆனால் போலி என்றால் வாகனில் எப்படி வந்தது? கார்த்தி சொன்னதுபோல ஏஜெண்டால் அங்கே ஏற்ற முடியாதே?

மல்லிகா_மதுரை

ஏற்ற முடியாது, கார்த்தி சொன்ன அந்தப் பாதி சரி. கம்பெனிதான் ஏற்றியது. அதாவது உங்கள் வண்டி எண்ணுக்கு அந்தக் கம்பெனி உண்மையாகவே ஒரு பாலிசி கொடுத்திருக்கிறது. என்ன வண்டி என்று நினைத்துக் கொடுத்தது என்பதைத்தான் இப்போது கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த மோசடி நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். ஆன்லைனில் ஒரு பைக்குக்குத் தேர்ட் பார்ட்டி போடுவதாக உள்ளே போவார்கள். 75 சிசிக்கு மேல் 150 சிசி வரை உள்ள பைக்குக்கு 714 ரூபாய், 18 சதவீத வரி சேர்த்தால் 843. பதிவு எண் கேட்கும் இடத்தில் உங்கள் ஏஸின் எண்ணைப் போட்டுவிடுவார்கள். கம்பெனிக்கு 843 போய்ச் சேரும், ஒரு நிஜமான பாலிசி எண் வரும், அந்த விவரம் வாகனுக்கும் போகும். பிறகு அந்தப் பிடிஎஃப்பைத் திருத்துவார்கள். பைக் என்ற இடத்தில் சரக்கு வண்டி, 714 என்ற இடத்தில் 8,305. பாலிசி எண்ணிலும் தேதியிலும் கை வைக்கவே மாட்டார்கள், அவைதான் சோதனையில் நிற்க வேண்டும். நீங்கள் கொடுத்த 9,800ல் 8,957 அவர் பையில்.

இன்று பல கம்பெனிகளில் எண்ணைப் போட்டதுமே வண்டியின் வகையை வாகனிலிருந்து எடுத்து, பொருந்தாவிட்டால் நிறுத்திவிடுகிறார்கள். எல்லா வழியிலும் அந்தத் தடுப்பு இல்லை. அதனால்தான் இந்த வித்தை இன்னும் ஓடுகிறது.

உங்கள் பேப்பரிலேயே இன்னொரு தடயம் இருக்கிறது, அந்த வரி. 8,305க்கு 747ஐ இரண்டு தடவை போட்டால் 18 சதவீதம் வருகிறது. சரக்கு வண்டியின் தேர்ட் பார்ட்டி பகுதிக்கு 18 சதவீதம் கிடையாது. முன்பு 12 சதவீதம், 2025 செப்டம்பர் 22லிருந்து 5 சதவீதம். திருத்தியவர் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறார், ஆனால் பைக்கின் வரி விகிதத்தை அப்படியே விட்டுவிட்டார். சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்கான பொறுப்பு என்று 50 ரூபாய்க்கு ஒரு வரி சரக்கு வண்டி பாலிசிகளில் வழக்கமாக இருக்கும். அதுவும் உங்கள் பேப்பரில் இல்லை.

இத்தனையும் என் ஊகம்தான். உறுதி செய்ய வேண்டியது கம்பெனி.

கார்த்தி.டெக்

மேடம், இது எனக்குத் தெரியாது. நன்றி. வாகனில் வந்தால் போதும் என்று நானே நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

செந்தில், பிடிஎஃப் கிடைத்தால் அடோப் ரீடரில் திறந்து டிஜிட்டல் கையொப்பத்தைப் பாருங்கள். கையொப்பம் போட்ட பிறகு யாராவது திருத்தியிருந்தால் அது உடைந்துவிடும், ஆவணம் மாற்றப்பட்டதாக மேலேயே காட்டும்.

மல்லிகா_மதுரை

நல்ல சோதனைதான் கார்த்தி, ஆனால் ஒரு பக்கம்தான் வேலை செய்யும். உடைந்திருந்தால் திருத்தியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். கையொப்பமே இல்லாமல் பிரிண்ட் எடுத்து ஸ்கேன் செய்து அனுப்பினால் நமக்கு ஒன்றும் தெரியாது. அதேபோல ஒரிஜினல் பிடிஎஃப்பிலேயே கையொப்பத்துக்கு மஞ்சள் கேள்விக்குறி வருவது சகஜம், கம்ப்யூட்டரில் அந்தச் சான்றிதழை ஏற்றுக்கொள்ளும்படி வைக்காததால் வருவது அது. அதைப் பார்த்துப் போலி என்று முடிவு கட்டக் கூடாது.

செந்தில், பேப்பரில் கியூஆர் இருந்தால் ஸ்கேன் செய்து என்ன வருகிறதென்று சொல்லுங்கள்.

செந்தில்_தாராபுரம்

ஸ்கேன் செய்தேன் மேடம். எந்தப் பக்கமும் திறக்கவில்லை. அப்பா பெயர், வண்டி எண், தேதி எல்லாம் எழுத்தாக வருகின்றன.

மல்லிகா_மதுரை

வெறும் எழுத்து வந்தால் அது ஆதாரம் ஆகாது, அப்படி ஒரு கியூஆரை யார் வேண்டுமானாலும் உருவாக்கலாம். கம்பெனியின் சொந்தத் தள முகவரியில் பக்கம் திறந்து, அதில் பாலிசி விவரம் வந்தால்தான் கணக்கு. அப்போதும் மேலே உள்ள முகவரியை எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டும்.

பஷீர்_கடலூர்

என் கதையைச் சொல்கிறேன், யாருக்காவது உதவட்டும். எனக்கு வந்தது இன்னும் மோசமான போலி. 2018ல் பெட்ரோல் பங்க் வாசலில் 600 ரூபாய்க்கு பைக் இன்சூரன்ஸ் போட்டேன். புகைச் சான்றிதழ் கொடுக்கும் வேனிலேயே ஒரு பையன் எழுதிக் கொடுத்தான். அடுத்த வருடம் என் தம்பி ஓட்டிப் போனபோது ஒரு பெரியவர் மேல் மோதி, அவருக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. கேஸ் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. கம்பெனி ஆஜராகி, இந்த எண்ணில் நாங்கள் பாலிசியே கொடுக்கவில்லை என்று பதிவேட்டைக் காட்டிவிட்டார்கள். பையனைத் தேடினால் அந்த வேனே இல்லை.

உரிமையாளர் என்ற முறையில் நான்தான் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு. 4 லட்சத்து 60 ஆயிரம், 7.5 சதவீத வட்டி. மனைவியின் நகை போனது, இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். நானும் ஏமாந்தவன்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெரியவருக்கு அதனால் என்ன? அவர் காலுக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டுமே.

செந்தில் தம்பி, அப்பாவை இன்றைக்கு வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ராஜி_பிஓஎஸ்பி

நான் பயிற்சி முடித்து, தேர்வு எழுதி, முறையாகப் பதிவு பெற்ற விற்பனையாளர். என் கடையும் ரோட்டோரத்தில்தான், ஒரு மேசை, ஒரு பிரிண்டர். ரோட்டில் உட்கார்ந்திருப்பவர் எல்லாம் திருடர் என்று எழுதிவிடாதீர்கள், வலிக்கிறது. கிராமத்து ஆட்களுக்கு எங்களை விட்டால் பாலிசி போட்டுக் கொடுக்க ஆள் இல்லை.

வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், பணம் போகும் வழியைப் பாருங்கள் என்பேன். நான் பாலிசி போட்டால் பணம் கட்டும் லிங்க் கஸ்டமரின் போனுக்கே போகும், பணம் கம்பெனி பெயருக்குப் போகும். என் சொந்த ஜிபேயில் வாங்கிக்கொண்டு நானே கட்டுவது கூடாது. சிலர் அவசரத்துக்குச் செய்கிறார்கள், அது தப்புதான்.

இன்னொன்று. பாலிசியில் கஸ்டமரின் மொபைல் எண் இருக்கும். அந்த எண்ணுக்குத்தான் கம்பெனியிடமிருந்து எஸ்எம்எஸ்ஸும் பிடிஎஃப்பும் வரும். செந்தில் சார், உங்கள் அப்பாவுக்குக் கம்பெனியிடமிருந்து ஏதாவது மெசேஜ் வந்ததா? வரவில்லை என்றால் அந்த ஆள் தன் எண்ணைப் போட்டிருக்கிறார். திருத்தாத பாலிசி உங்கள் கைக்கு வரக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்வார்கள்.

செந்தில்_தாராபுரம்

எந்த மெசேஜும் வரவில்லை. இப்போது கம்பெனியின் தளத்தில் போய் பாலிசி எண்ணைப் போட்டுப் பார்த்தேன். டவுன்லோட் செய்ய ஓடிபி அனுப்புகிறது. அது போகும் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் அப்பாவுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. ராஜி அக்கா சொன்னது அப்படியே நடக்கிறது.

நித்யா.எஸ்

இதற்கென்றே வி சேவா என்று ஒன்று இருக்கிறதே? இன்சூரன்ஸ் தகவல் மையத்தின் தளம், iib.gov.in. என் ஸ்கூட்டிக்குப் பதினைந்து நாளுக்கு முன்னால் போட்டேன், அங்கே தேடினால் விவரமே வரவில்லை. அப்போ என்னுடையதும் போலியா? எனக்கும் பயமாகிவிட்டது. நான் கம்பெனியின் ஆப்பிலேயே நேரடியாகப் போட்டது.

மல்லிகா_மதுரை

பயப்படாதீர்கள் நித்யா. வி சேவாவில் விவரம் வந்து சேர இரண்டு மாதம் வரை ஆகலாம். விபத்தில் அடிபட்டவர்கள் எதிர் வண்டிக்கு எந்தக் கம்பெனியில் இன்சூரன்ஸ் என்று கண்டுபிடிக்க அது ரொம்ப உதவும். நேற்று வாங்கிய பாலிசி நிஜமா என்று பார்க்க உதவாது. நீங்கள் ஆப்பில் போட்டு, பிடிஎஃப் உங்கள் மெயிலுக்கு வந்திருந்தால் அதுவே போதும்.

செந்தில், இனி கம்ப்யூட்டரில் பார்க்க ஒன்றும் இல்லை. நாளை காலை அந்தக் கம்பெனியின் கிளைக்கு அப்பாவை அழைத்துக்கொண்டு நேரில் போங்கள். முகவரியைக் கம்பெனியின் தளத்திலிருந்து எடுங்கள், அந்தப் பேப்பரில் அச்சடித்திருக்கும் போன் எண்ணை நம்பாதீர்கள், அதையும் மாற்றியிருக்கலாம். ஆர்.சி., அப்பாவின் ஆதார், அந்த பிரிண்ட், ஜிபே ரசீது நான்கையும் எடுத்துப் போங்கள். "இந்தப் பாலிசி நிஜமா" என்று மட்டும் கேட்காதீர்கள். எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு "ஆமாம், இருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள், நான் வேலை பார்த்த இடத்திலேயே அப்படி நடந்திருக்கிறது. உங்கள் பதிவேட்டில் வண்டி வகை என்ன, கம்பெனிக்கு வந்த பிரீமியம் எவ்வளவு, சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கம் என்ன என்று கேளுங்கள்.

கார்த்தி.டெக்

ஒரு சந்தேகம் மேடம். பைக் என்று போட்டிருந்தாலும் வண்டி எண் இதே எண்தானே? நாளைக்கே விபத்து நடந்தால், அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்துத்தானே ஆக வேண்டும்? பாலிசி அவர்கள் கொடுத்ததுதானே.

மல்லிகா_மதுரை

அடிபட்டவருக்குக் கம்பெனி முதலில் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பு வந்த வழக்குகளைப் பார்த்திருக்கிறேன். மோசடியால் வாங்கிய பாலிசி, எங்களுக்குப் பொறுப்பே இல்லை என்று கம்பெனி கடைசிவரை வாதாடியதையும் பார்த்திருக்கிறேன். எப்படி முடிந்தாலும் உரிமையாளர் தப்பவில்லை.

ராஜி_பிஓஎஸ்பி

என் கஸ்டமர் ஒருவருக்கு இதே மாதிரி நடந்து, கம்பெனியே முழுதாகக் கட்டியது, திரும்ப வசூலிக்கவும் இல்லை. அவர் ஏமாந்தவர் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. அதனால் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது.

பஷீர்_கடலூர்

எனக்கு ஏற்றுக்கொள்ளவில்லையே அம்மா.

செந்தில்_தாராபுரம்

மறுநாள் மாலை எழுதுகிறேன்.

கிளைக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் மேடம் எழுதியபடியே பாலிசி எண்ணைத் தட்டி, "ஆக்டிவ்தான் சார், ஒன்றும் பிரச்சினை இல்லை" என்றார். வண்டி வகை என்ன காட்டுகிறது என்று கேட்டேன். திரும்பப் பார்த்தார், முகம் மாறியது. இரு சக்கர வாகனம், 125 சிசி, கம்பெனிக்கு வந்த தொகை 843. சேசிஸ் எண் இருக்க வேண்டிய இடத்தில் அப்பாவின் ஆர்.சி.யில் உள்ள எண்ணின் கடைசி ஐந்து இலக்கம் மட்டும் இருந்தது, மற்றதெல்லாம் பூஜ்யம்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, "ஒரு மாசமா இதோட மார்க்கெட்டுக்குப் போய் வந்தேனே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இப்போது எதை முதலில் செய்ய வேண்டும்? போலீஸா, கம்பெனியில் புகாரா?

மல்லிகா_மதுரை

முதலில் புதுப் பாலிசி, இன்றைக்கே. புகார் நாலு நாள் கழித்தும் கொடுக்கலாம், காப்பீடு இல்லாமல் வண்டி ஒரு மணி நேரம்கூட ரோட்டில் இருக்கக் கூடாது. பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை, இல்லை இரண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. விபத்து நடந்தால் அந்த 2,000 ஒரு தொகையே இல்லை, பஷீர் பாய் சொல்லிவிட்டார்.

தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் வண்டியைப் பார்வையிட யாரும் வர வேண்டியதில்லை, அங்கேயே போட்டுவிடுவார்கள். 16,049க்கு 5 சதவீத வரி சேர்த்தால் 16,851. டிரைவருக்கான 50 ரூபாயும் அதற்கான வரியும் சேர்த்தால் ஏறக்குறைய 16,910. உரிமையாளருக்கான 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீட்டையும் சேர்ப்பார்கள், அதன் விலை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மொபைல் எண் அப்பாவுடையதா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் பாருங்கள்.

அப்புறம் பழைய பைக் பாலிசி மோசடியாக வாங்கியது என்று கிளை மேலாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே எண்ணில் இரண்டு பாலிசி நிற்கக் கூடாது, அதை ரத்து செய்ய வேண்டும். ஒரு வாரம் கழித்து வாகனில் திரும்பப் பாருங்கள், புதிய தேதி ஏறியிருக்க வேண்டும். கம்பெனி இழுத்தடித்தால் ஒழுங்குமுறை ஆணையத்தின் bimabharosa.irdai.gov.in தளத்தில் பதியலாம், 155255க்கும் பேசலாம். ஏஜெண்ட் மேல் புகார் போலீஸில்.

செந்தில்_தாராபுரம்

புதுப் பாலிசி போட்டாயிற்று மேடம், அதே கிளையில் இல்லை, வேறு கம்பெனியில். பணம் கட்டிய அஞ்சு நிமிஷத்தில் அப்பாவின் போனுக்கு மெசேஜும் பிடிஎஃப்பும் வந்தன. கடிதமும் கொடுத்தாயிற்று.

அந்த ஏஜெண்டுக்கு போன் செய்தேன். முதலில் "சிஸ்டம் மிஸ்டேக்" என்றார். பைக் பாலிசி என்று கிளையில் சொன்னதைச் சொன்னதும் குரல் இறங்கிவிட்டது. 9,800ஐயும் நாளைக்கே திருப்பித் தருகிறேன், போலீஸுக்கு மட்டும் போகாதீர்கள் என்கிறார். அப்பா வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம் என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை.

ராஜி_பிஓஎஸ்பி

வாங்கிக்கொண்டு விடாதீர்கள் சார். உங்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் பணம் நாளை மாட்டுகிற பத்துப் பேரிடமிருந்து வருவது. எங்கள் தொழிலையே இவர்கள்தான் கெடுக்கிறார்கள்.

பஷீர்_கடலூர்

அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது தம்பி. ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் நடக்கிற நாளெல்லாம் லோடு போகாது. நான் அலைந்தவன், அதனால் சொல்கிறேன். பணத்தை வங்கி வழியாகவே வாங்குங்கள், கையில் வாங்காதீர்கள். புகார் கொடுப்பது பிறகு உங்கள் முடிவு.

செந்தில்_தாராபுரம்

பணம் இன்னும் வரவில்லை. இன்று காலை ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிட்டேன். அப்பாவுக்குக் கோபம்தான், ஆனாலும் கூட வந்தார்.

வரும் வழியில் அந்த இடத்தைப் பார்த்தோம், குடையும் மேசையும் இல்லை. பக்கத்து டீக்கடையில் ஒரு ஆட்டோக்காரர், தானும் அவரிடம்தான் போட்டதாகச் சொன்னார். பயணிகள் ஆட்டோ, மூன்று பேர் உட்காருவது. 4,500 கொடுத்திருக்கிறார். வாகனில் போட்டுக் காட்டினேன், தேதி சரியாக வருகிறது. மேடம், ஆட்டோவுக்குப் பட்டியலில் எவ்வளவு?

மல்லிகா_மதுரை

அடிப்படை 2,539. அதோடு ஒரு பயணிக்கு 1,214 வீதம் மூன்று பேருக்கு 3,642. மொத்தம் 6,181, வரிக்கு முன்னால். மின்சார ஆட்டோ என்றால் குறையும், அதை முதலில் கேளுங்கள். டீசலோ கேஸோ என்றால் நாளைக் காலை அவரையும் அதே கிளைக்கு அழைத்துப் போய், வண்டி வகை என்ன காட்டுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை சவாரி ஏற்ற வேண்டாம் என்று இப்போதே போன் செய்துவிடுங்கள் தம்பி.